பெரியப்பாவின் பதினாறு நாள்: புதிய மேலாளரிடம் விடுப்பு கேட்பது எப்படி?

வாசகர் கடிதம்

ஐயா, பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். திருச்சியில் ஒரு தனியார் விற்பனை நிறுவனத்தில் கணக்காளராக 14 மாதமாக வேலை பார்க்கிறேன். வயது 31. என்னைச் சிறு வயதிலிருந்து வளர்த்த பெரியப்பா 2ஆம் தேதி வியாழன் விடியற்காலை 3 மணிக்கு இறந்துவிட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. என் அப்பா பத்து வருடத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். அதனால் நான்தான் கொள்ளி வைத்தேன். பதினாறாம் நாள் 17ஆம் தேதி வருகிறது. அதுவரை வீட்டை விட்டு நகரக்கூடாது என்று அம்மாவும் பெரியம்மாவும் சொல்கிறார்கள். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் தற்செயல் விடுப்பு சொல்லியிருக்கிறேன்.

எங்கள் மேலாளர் கோயம்புத்தூர்க்காரர், பொறுப்பேற்று மூன்று வாரம்தான் ஆகிறது. இறந்த செய்தியை அனுப்பியதற்கு, "ஆழ்ந்த அனுதாபங்கள். எப்போது திரும்புவீர்கள்?" என்று மட்டும் பதில் அனுப்பினார். மனது கசந்துவிட்டது. துக்க விடுப்பு பதினாறு நாள் கேட்பது என் உரிமைதானே? நிறுவன விதியில் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் இறந்தால் மட்டும் மூன்று நாள் என்று இருக்கிறது. "அப்பா என்று எழுதிவிடு" என்கிறார் ஒரு நண்பர். "காய்ச்சல் என்று டாக்டர் சான்றிதழ் வாங்கிக் கொடு" என்கிறார் இன்னொருவர். எங்கள் வழக்கம் தெரியாத ஒருவரிடம் என்ன எழுதுவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்

தம்பி, வளர்த்தவருக்குக் கொள்ளி வைத்துவிட்டு நான்காம் நாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் துக்கத்தில் நானும் பங்கு கொள்கிறேன். திங்கட்கிழமை காலைக்குள் நீங்கள் அலுவலகத்தில் பேசியாக வேண்டும் என்பதால் இதை ஞாயிறு இரவே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். உங்கள் சம்மதத்துடன் இப்போது மற்றவர்களுக்காகவும் வெளியிடுகிறோம்.

முதலில் அந்த ஒற்றை வரிப் பதிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வக்கீல் தொழிலுக்கு வருவதற்கு முன் சில வருடம் ஒரு நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் இருந்தேன். சாவுச் செய்தி வந்ததும் மேலே இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் அதுதான். மூன்று வாரம் முன் வந்தவருக்கு உங்கள் குடும்பம் தெரியாது, பெரியப்பா உங்களுக்கு என்ன என்பதும் தெரியாது. நீங்கள் பார்க்கும் வேலையை வேறு யார் பார்ப்பார்கள் என்பதுகூட அவருக்கு இன்னும் பிடிபட்டிருக்காது. நீங்கள் கணக்காளர். மாதத்தின் முதல் மூன்று வாரத்தில் கணக்குப் பிரிவில் ஒருவர் இல்லையென்றால் அவருக்குக் கவலை வரும். அந்தக் கவலைக்குத் தேதி வாரியாகப் பதில் கொடுத்துவிட்டால் உங்கள் கடிதத்தின் பாதி வேலை முடிந்துவிடும். அவர் மனதை அளந்துபார்க்க இந்த ஒரு வரி போதாது.

வீட்டில் இன்று இரவே கேட்க வேண்டியது

அலுவலகத்துக்கு எழுதும் முன் மூத்த பங்காளி ஒருவரையும், காரியம் செய்துவைக்கும் பெரியவரையும் உட்காரவைத்து இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்.

ஒன்று, நாள் கணக்கு. இறந்த நாளை முதல் நாளாக வைத்து எண்ணினால் வியாழன் 2ஆம் தேதிக்குப் பதினாறாம் நாள் வெள்ளி 17. ஆனால் பெரியப்பா இறந்தது விடியற்காலை 3 மணி. பஞ்சாங்கக் கணக்கில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். உதயத்துக்கு முன் போன உயிரை முந்தின நாளில் சேர்த்து எண்ணும் வீடுகள் நம் பக்கம் நிறைய உண்டு. அப்படி எண்ணினால் இறந்தது புதன் 1ஆம் தேதி ஆகிறது, பதினாறு வியாழன் 16ஆம் தேதிக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை காரியம் வேண்டாம் என்று ஒரு நாள் நகர்த்துகிற வீடுகளும் இருக்கின்றன. அலுவலகத்துக்கு 17 என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பத்திரிகை அச்சாகும்போது 16 என்று மாறினால், முதல் கடிதத்திலேயே தேதி தடுமாறிவிட்டதாக ஆகிவிடும். புதிய மேலாளரிடம் அது வேண்டாம்.

இரண்டாவது, இந்தப் பதினாறு நாளில் உங்கள் கை எந்தெந்த நாளில் தேவை என்பது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. முதல் நாள் கொள்ளி, மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கி ஆற்றில் கரைத்தது, இரண்டும் முடிந்துவிட்டன. இனி தினமும் படத்துக்கு முன் விளக்கேற்றி, சொம்பில் தண்ணீர் மாற்றி வைப்பது நடக்கும். எட்டாம் நாள் படையல் போடும் வழக்கம் இருந்தால் அது உண்டு. காரியத்துக்கு முந்தின இரவு படையல், மறுநாள் காலை படித்துறையில் மொட்டை, பிண்டம், பிறகு வீட்டில் உருமா கட்டு. இவற்றுக்கு நீங்கள் இல்லாமல் முடியாது. காரியத்துக்கு முந்தின மூன்று நாட்களில் சாமான் வாங்குவது, சொல்ல வேண்டிய வீடுகளுக்குச் சொல்வது, பந்தல், சமையல் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

நடுவில் உள்ள நாட்களைப் பற்றி அம்மாவும் பெரியம்மாவும் "நகரக்கூடாது" என்று சொல்வதன் பொருள் என்ன என்பதையும் மெதுவாகக் கேளுங்கள். கொள்ளி வைத்தவர் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும், இரவு வெளியே தங்கக்கூடாது, கோயிலுக்கும் சுப வீடுகளுக்கும் போகக்கூடாது என்பதுதான் பல வீடுகளில் அந்தச் சொல்லுக்குப் பொருள். இன்னும் சில வீடுகளில் வாசற்படியையே தாண்ட மாட்டார்கள். எது உங்கள் வீட்டு வழக்கம் என்று நான் சொல்ல முடியாது, மேலாளரும் சொல்ல முடியாது. பெரியம்மா தனியாகப் படுத்துக்கிடப்பார் என்ற பயம்கூட அந்தச் சொல்லுக்குள் இருக்கலாம். அப்படியென்றால் ஒரு சின்னம்மாவோ அத்தையோ வந்து தங்கினால் அந்தப் பயம் தீரும்.

சட்டம் தருவதும் தராததும்

பதினாறு நாள் துக்க விடுப்பு உரிமை என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை. தனியார் நிறுவன ஊழியருக்கு இறப்புக்கென்று தனி விடுப்பு எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை. உங்கள் நிறுவனம் தரும் மூன்று நாள் அவர்களே வைத்துக்கொண்ட விதி. அதில் பெரியப்பா இல்லை என்றால், அதை அவர்கள் மீறிவிட்டதாக வழக்குப் போட முடியாது.

ஆனால் வெறுங்கையோடும் நீங்கள் நிற்கவில்லை. விற்பனை அலுவலகம் என்பதால் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். அதன் 25ஆம் பிரிவுப்படி பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த பன்னிரண்டு மாதத்தில் 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. ஈட்டிய விடுப்பு என்று நீங்கள் சொல்வது இதைத்தான். நீங்கள் 14 மாதம் முடித்துவிட்டதால் இது உங்களுக்குக் கிடைக்கும். இதைத் தவிர, நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் ஆண்டுக்கு 12 நாள் வரை தற்செயல் விடுப்பும், நோய்க்கென்று 12 நாள் வரை தனி விடுப்பும் அதே பிரிவில் இருக்கின்றன. வளர்த்தவருக்குக் காரியம் செய்வது நியாயமான காரணம் இல்லை என்று எந்த மேலாளரும் வாதாட மாட்டார்.

உங்களிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்ட கணக்கு இது. தற்செயல் விடுப்பில் முன்பு 5 எடுத்தீர்கள், இப்போது 3. மீதம் 4. ஈட்டிய விடுப்பில் 2 எடுத்தாகிவிட்டது. மீதம் 10. ஆக மொத்தம் 14 நாள் கையில் இருக்கிறது. திங்கள் 6 முதல் வெள்ளி 17 வரை, நடுவில் வரும் ஞாயிறு 12ஐக் கழித்தால், வேலை நாள் 11. முழுவதும் விடுப்பு எடுத்தாலும் உங்கள் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. நீங்கள் யாரிடமும் சலுகை கேட்கப் போவதில்லை. உங்கள் கணக்கில் உள்ள விடுப்பை, நேரம் குறிப்பிட்டுக் கேட்கப் போகிறீர்கள். இந்த நினைப்போடு எழுதினால் கடிதத்தில் கெஞ்சலும் வராது, முறுக்கும் வராது.

இரண்டு விஷயத்தை மட்டும் பணியாளர் பிரிவில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஈட்டிய விடுப்பையும் தற்செயல் விடுப்பையும் சேர்த்து எடுக்கச் சில நிறுவனங்கள் விடுவதில்லை. நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமையையும் விடுப்பு நாளாகவே கழிக்கும் விதியும் சில இடங்களில் உண்டு. உங்கள் விதிப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் கடிதத்தில் எண்ணிக்கை பிசகாது.

இன்னொன்று. கணக்கில் விடுப்பு இருக்கிறது என்பதற்காகச் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது. விடுப்பு என்பது கேட்டு, அவர்கள் அனுமதித்து எடுப்பது. அனுமதி இல்லாமல் இருக்கும் நாள் விடுப்பு ஆகாது, வராத நாள் ஆகிவிடும். தகவல் இல்லாமல் இத்தனை நாள் வராவிட்டால் வேலையை விட்டதாகக் கருதப்படும் என்று பல நியமன உத்தரவுகளில் ஒரு வரி இருக்கும். துக்க வீட்டில் போன் அணைந்து கிடந்ததாலேயே இந்த வரியில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

நண்பர்கள் சொன்ன இரண்டு வழி

காய்ச்சல் சான்றிதழ் வேண்டாம். பணியாளர் பிரிவில் இருந்தபோது என் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். ஓர் ஊழியர் மஞ்சள் காமாலை என்று சான்றிதழ் அனுப்பியிருந்தார். அவர் தாத்தாவின் கருமாதிப் பத்திரிகை அதே வாரத்தில் உடன் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து அலுவலகத்துக்கு வந்துவிட்டது. கறுப்புக் கரை போட்ட பத்திரிகை, கீழே "இப்படிக்கு" என்று பேரன்கள் பெயர் வரிசையில் அவர் பெயர் மூன்றாவது. ஆள் திரும்பி வந்தபோது தலையில் மொட்டை. தாத்தாவுக்காக ஐந்து நாள் என்று கேட்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். பொய்ச் சான்றிதழுக்கு விசாரணை வைத்து அவரைப் பிடுங்கி எடுத்தார்கள்.

சட்டத்திலும் இதன் விளைவு பெரிது. அதே கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் (அல்லது அதற்கு ஈடான சம்பளமும்) இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. ஒழுங்கீனம் விசாரணையில் நிரூபணமானால் அந்த முன்னறிவிப்புப் பாதுகாப்பு இல்லாமல் போய்விடும். இன்று உங்களைக் காக்கும் பிரிவை நீங்களே கழற்றிப் போட்டுவிட வேண்டாம்.

"அப்பா" என்று எழுதுவது இன்னும் மோசம். வேலையில் சேரும்போது வருங்கால வைப்பு நிதிக்கு வாரிசு நியமனப் படிவம் நிரப்பியிருப்பீர்கள். அதில் குடும்பத்தார் என்று அம்மா பெயர் மட்டும் இருக்கும். பத்து வருடம் முன் இறந்த அப்பாவை மூன்று நாள் விடுப்புக்காக மறுபடி ஒரு முறை இறக்கவைக்க உங்களுக்கே மனம் வராது. அதற்குத் தேவையும் இல்லை. பெரியப்பா, பிள்ளை இல்லாதவர், நான் கொள்ளி வைத்தேன் என்ற உண்மைக்கே போதுமான கனம் இருக்கிறது.

மேலாளருக்கு எழுதுவது

மின்னஞ்சலுக்கு முன் பேசுங்கள். திங்கள் காலை அவர் அலுவலகம் வந்து உட்காரும் நேரத்தில் ஒரு அழைப்பு, இரண்டு நிமிடம். "மேடம், இறந்தவர் என்னை வளர்த்த பெரியப்பா, காரியம் நான்தான் செய்கிறேன், 17 வரை தேதிகளும் என் வேலைக்கான ஏற்பாடும் மின்னஞ்சலில் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் போதும். போனில் பதில் வாங்க முயல வேண்டாம். புதியவர், மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும். அவகாசம் கொடுங்கள்.

இனி உங்கள் வேலையின் தேதிகள். டி.டி.எஸ். கட்டக் கடைசி நாள் 7. ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் 11. ஜி.எஸ்.டி.ஆர்.-3பி 20. இவற்றைப் பெரியப்பாவின் நாள் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 7 ஆறாம் நாள், 11 பத்தாம் நாள், 20 காரியம் முடிந்து மூன்றாம் நாள். டி.டி.எஸ். தொகை ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருப்பதாகச் சொன்னீர்கள், கட்டுவதை உடன் வேலை பார்ப்பவர் செய்துவிடலாம். 3பி-க்கு நீங்கள் 18ஆம் தேதி சனிக்கிழமையே திரும்பிவிட்டால் கைக்குள் நாள் இருக்கும். திங்கள் 20 என்று எழுதினால் கடைசி நாளில் வந்து நிற்பதாக ஆகும், அதனால் சனிக்கிழமை என்றே எழுதுங்கள். உண்மையில் சிக்கல் 11ஆம் தேதி ஒன்றுதான்.

அதனால் என் யோசனை இது. 6, 7 விடுப்பு. 8 முதல் 11 வரை நான்கு நாள் ஊரில் இருந்தபடியே மடிக்கணினியில் வேலை. 13 முதல் 17 வரை விடுப்பு. வீட்டை விட்டு நகராமல் பெரியம்மா பக்கத்திலேயே இருக்கலாம், காலையில் விளக்கேற்றிவிட்டு உட்காரலாம், ஜி.எஸ்.டி.ஆர்.-1 உங்கள் கையாலேயே முடியும். ஈட்டிய விடுப்பில் 7 செலவாகி 3 மிஞ்சும், தற்செயல் 4 அப்படியே இருக்கும். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் நடுவில் வேலை ஓடாது என்று தோன்றினால் இந்த நான்கு நாளை உறுதியளிக்காதீர்கள். ஒத்துக்கொண்டு செய்யாமல் விடுவதைவிட நேராக விடுப்பாகவே கேட்பது நல்லது. உங்கள் வீட்டில் மின்சாரமும் இணையமும் எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கடிதம் இப்படி இருக்கலாம். உங்கள் அலுவலக வழக்கப்படி ஆங்கிலத்தில் அனுப்பினாலும் இதே வரிசையில் எழுதுங்கள்:

*மதிப்பிற்குரிய மேடம்,*

*என் தந்தையின் அண்ணன் 2ஆம் தேதி காலமானார். என்னைச் சிறு வயதிலிருந்து வளர்த்தவர் அவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லாததால் இறுதிச் சடங்கை நான் செய்தேன். பதினாறாம் நாள் காரியமும் நானே செய்ய வேண்டும். அது 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் நடைபெறுகிறது.*

*இதற்காக 6, 7 தேதிகளிலும், 13 முதல் 17 வரையிலும், ஆக 7 நாள் ஈட்டிய விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 8 முதல் 11 வரை ஊரிலிருந்தே வேலை பார்க்க அனுமதித்தால் ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கலை 11ஆம் தேதிக்குள் நானே முடித்துவிடுவேன். அது இயலாது என்றால் அந்த நான்கு நாட்களையும் விடுப்பாகக் கருத வேண்டுகிறேன். என் கணக்கில் ஈட்டிய விடுப்பு 10, தற்செயல் விடுப்பு 4 உள்ளன.*

*7ஆம் தேதி கட்ட வேண்டிய டி.டி.எஸ். விவரம் தயாராக உள்ளது. உடன் பணிபுரிபவரிடம் இன்று ஒப்படைத்துவிடுகிறேன். 18ஆம் தேதி சனிக்கிழமை பணிக்குத் திரும்புவேன். விடுப்பு நாட்களில் அவசரமென்றால் மாலை 4 முதல் 6 வரை என்னைத் தொலைபேசியில் அழைக்கலாம். 16, 17 தேதிகளில் மட்டும் பேச இயலாது.*

*காரியப் பத்திரிகை அச்சானதும் அனுப்பிவைக்கிறேன்.*

*தங்கள் உண்மையுள்ள,*

இதில் நான் வேண்டுமென்றே விட்டுவிட்டவை சில உண்டு. "தீட்டு" என்ற சொல் இல்லை. உங்கள் வீட்டில் அது இயல்பான சொல்தான். அலுவலகக் கடிதத்தில் எழுதினால் அதை நம்புகிறீர்களா, இந்தக் காலத்திலுமா என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கும். பேச்சு விடுப்பை விட்டு வேறு எங்கோ போய்விடும். சடங்கின் விவரமும் இல்லை. கோயம்புத்தூர்க்காரருக்கும் அவர் வீட்டுப் பெரிய காரியங்கள் இருக்கும், நாள் கணக்கு வேறாக இருக்கலாம், அவ்வளவுதான். "எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தால் அவரை வெளியாளாக நிறுத்திவிட்டு உதவி கேட்டதாகிவிடும். "முந்தைய மேலாளர் இருந்தால் உடனே கொடுத்திருப்பார்" என்பதும் வேண்டாம். "மனிதாபிமான அடிப்படையில்" என்பதைக் கண்டிப்பாக எழுதாதீர்கள். மறுத்தால் நீங்கள் மனிதாபிமானம் இல்லாதவர் என்று முன்கூட்டியே சொல்வது போல் அது படும்.

பத்திரிகையைப் பற்றிய வரி முக்கியம். புதியவர் உங்களிடம் ஆதாரம் கேட்கக் கூச்சப்படுவார், கேட்காமல் விட்டால் மேலிடத்தில் பதில் சொல்ல முடியாது. நீங்களே முன்வந்து தருவது அவர் சங்கடத்தைத் தீர்த்துவிடும். இறப்புச் சான்றிதழும் பின்னால் கொடுக்கலாம். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், உங்கள் ஊரில் அது கிராம நிர்வாக அலுவலரிடம். காரிய வேலையில் இதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். பெரியம்மாவுக்கு வங்கிக்கும் மற்றவற்றுக்கும் அது தேவைப்படும் என்பதால் 6 அல்லது 7ஆம் தேதியே ஒரு நடை போய் வந்துவிடுங்கள்.

நிறுவனத்தின் மூன்று நாள் துக்க விடுப்பை உங்களுக்கும் பொருத்தி, 2 முதல் 4 வரை எடுத்த தற்செயல் விடுப்பைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். கேட்கலாம், இப்போது வேண்டாம். ஒரே கடிதத்தில் தேதியும் கேட்டு விதிவிலக்கும் கேட்டால், விதிவிலக்குக்கு மேலிட அனுமதி வரும்வரை தேதியும் தொங்கும். திரும்பி வந்து ஒரு வாரம் கழித்துத் தனியாக எழுதுங்கள். கிடைக்காவிட்டாலும் இழப்பு எதுவும் இல்லை.

மறுத்துவிட்டால்

முழுதாக மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். "ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பாதி கொடுப்பது நடக்கக்கூடியது. அப்போது எதை விட்டுக்கொடுப்பது என்று முன்பே மனதில் வைத்திருங்கள். விட்டுக்கொடுக்கக் கூடியவை நடு நாட்கள். வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டால், 8 முதல் 11 வரை காலை ரயிலில் திருச்சி போய் இரவுக்குள் திரும்பலாம். 15, 16, 17 மூன்றையும் விட்டுக்கொடுக்க முடியாது. "மேடம், 15 முதல் 17 வரை நான் இல்லாமல் காரியம் நடக்காது, மற்ற நாட்களை நீங்கள் சொல்கிறபடி அமைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். இப்படிச் சொல்லிக் கேட்கும்போது மறுப்பது எவருக்கும் கடினம்.

காரியத்தையே முன்னால் இழுத்து 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று யாராவது சொல்லக்கூடும். நாள் குறைத்துக்கொள்ளும் வீடுகள் இன்று இருக்கின்றன. அது பங்காளிகள் கூடி எடுக்க வேண்டிய முடிவு. கையில் 14 நாள் விடுப்பு இருக்கும்போது அலுவலகத்துக்காகப் பெரியம்மாவிடம் போய் அதைக் கேட்காதீர்கள்.

சம்பளம் இல்லாத விடுப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னால், கணக்கில் விடுப்பு இருக்கும்போது ஏன் என்று பணிவாக ஒரு முறை கேளுங்கள். அதன் பிறகும் அப்படியே என்றால், எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒத்துக்கொள்ளுங்கள், சண்டையைக் காரியத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். என்ன பதில் வந்தாலும், வாய்ப்பேச்சாக வந்தது என்றால், "நீங்கள் சொன்னபடி இன்ன தேதிகள் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று அன்றே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பதிலே வராவிட்டால் திங்கள் மாலை ஒரு முறை, செவ்வாய் காலை ஒரு முறை நினைவூட்டுங்கள். இரண்டாவதைப் பணியாளர் பிரிவுக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

எழுத்து வடிவில் மறுப்பு வந்தால் அதற்கு நீங்களாகப் பதில் எழுத வேண்டாம். அப்படியே எனக்கு அனுப்புங்கள். 13ஆம் தேதிக்கு முன் வந்துவிட்டால் பேசித் தீர்க்க நேரம் இருக்கிறது.